படியும் முகடும்: பழைய இன்வெர்ட்டர் சொன்ன கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் காபி குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாலும் சரிதான். கணக்குப் பிடிக்காத உறவுகள் சூத்திரம் வரும் இடங்களைத் தாண்டிப் படியுங்கள். விஷயம் புரியும்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். பல்லடம் சாலைப் பக்கம் சொந்தமாக நிட்டிங் ஓட்டுகிறார், ஜாப் ஒர்க். மெஷின்களில் மின்சாரத் தரம் பார்க்க ஓர் எலக்ட்ரிகல் இன்ஜினியரை வரவழைத்திருக்கிறார். வந்தவர் அளவு பார்க்கும் கருவியை ஆபீஸ் ரூமில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரிலும் மாட்டிப் பார்த்திருக்கிறார். 2012 மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாமெல்லாம் ஒரு நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தோம். அப்போது அவசரத்துக்கு வாங்கிய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் அது. கரன்ட் போனால் ஃபேன் சுற்றும், கூடவே "ங்ங்ங்" என்று முனகும்.

"சார், வாட்ஸ்அப்ல ரெண்டு படம் அனுப்பியிருக்கறனுங்க. ரெண்டுலயும் வரிசையா பட்டை நிக்குது. ஒண்ணு வோல்டேஜு, ஒண்ணு ஃபேனுக்குப் போற கரன்ட்டு. எது எதுன்னு அவரு எழுதாம போயிட்டாருங்க. அதுவும் போக, இன்வெர்ட்டர் அவுட்புட்ல ஒரு கெப்பாசிட்டர் போட்டா முனகறது நின்னுரும்னு நம்ம எலக்ட்ரீசியன் சொல்றாரு. போடலாமுங்களா?"

"படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் போட வேண்டாம் தம்பி" என்றேன்.

முதலில் பட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர். வெப்பம் பரவுவதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1822-ல் வந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதனால் முதல் சைன் 50 ஹெர்ட்ஸ், மூன்றாவது 150, ஐந்தாவது 250 என்று போகும். ஒவ்வொரு சைனும் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற அளவுதான் கெழு. கருவி அதைப் பட்டையாக நிறுத்திக் காட்டுகிறது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே வடிவமாக இருக்கும் அலையில் இரட்டைப்படைப் பட்டைகள் வராது. அதனால் இங்கே 1, 3, 5, 7 மட்டும்தான்.

மாணவர் அனுப்பிய முதல் படத்தில், முதல் பட்டையை 100 என்று வைத்தால் மூன்றாவது 33, ஐந்தாவது 20, ஏழாவது 14. இரண்டாவது படத்தில் முதல் பட்டை 100, மூன்றாவது 15, ஐந்தாவது 5, ஏழாவது 3.

முதல் படம் மெதுவாக இறங்குகிறது, இரண்டாவது சட்டென்று இறங்குகிறது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் எப்படி இறங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அலையின் வடிவத்தைப் பற்றியே ஒரு சேதி கிடைக்கும். முதல் படத்தில் ஒவ்வொரு பட்டையையும் அதன் எண்ணால் பெருக்குங்கள். 33×3 = 99, 20×5 = 100, 14×7 = 98. ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது. அப்படியென்றால் பட்டை 1/n ஆக இறங்குகிறது. இரண்டாவது படத்தில் n-ஆல் பெருக்கினால் நிற்காது. 45, 25, 21 என்று குறைந்துகொண்டே போகும். n-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். 15×9 = 135, 5×25 = 125, 3×49 = 147. கருவியின் பிசிறைக் கழித்துவிட்டால் ஏறக்குறைய ஒரே அளவு. ஆக இது 1/n² ஆக இறங்குகிறது.

1/n என்றால் சதுர அலையின் கைரேகை. 1/n² என்றால் முக்கோண அலையின் கைரேகை. இது ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

சதுர அலை பாதி நேரம் +1, பாதி நேரம் −1. நடுவில் ஏறுவதும் இறங்குவதும் கிடையாது, திடீரென்று ஒரு படி. முக்கோண அலை நேர்கோட்டில் ஏறி நேர்கோட்டில் இறங்கும். அதில் எங்கும் படி இல்லை. ஆனால் உச்சியில் ஓட்டுக் கூரையின் முகடு போல ஒரு மடிப்பு இருக்கிறது. படியில் அலையின் மதிப்பே தாவுகிறது. முகட்டில் மதிப்பு தாவவில்லை, சரிவு மட்டும் தாவுகிறது. வழவழப்பு என்று கணக்கில் சொல்வது இந்த வரிசையைத்தான். மதிப்பு தாவுகிறதா, சரிவு தாவுகிறதா, சரிவின் சரிவு தாவுகிறதா என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு போவது.

சதுர அலையின் கெழுவை விரல் விட்டே எண்ணிவிடலாம். அரைச் சுற்றில், அதாவது 0 முதல் π வரை, அலையின் மதிப்பு 1. அதை sin nx ஆல் பெருக்கிப் பரப்பு காண வேண்டும். அந்த இடைவெளிக்குள் sin nx-க்கு n மேடு பள்ளங்கள் இருக்கும். ஒரு மேடும் அடுத்த பள்ளமும் சமமாகக் கழிந்துபோகும். n ஒற்றைப்படை என்றால் கடைசியில் ஒரே ஒரு மேடு மிஞ்சும். அந்த மேட்டின் அகலம் π/n, பரப்பு 2/n. மீதியெல்லாம் அடிபட்டு, மிஞ்சியது அது மட்டும்தான். அதை 2/π ஆல் பெருக்கினால் கெழு:

சதுர அலை: b_n = 4/(πn), n = 1, 3, 5, …

மிஞ்சிய ஒற்றை மேட்டுக்குக் காரணம் ஓரத்தில் இருக்கும் படிதான். படிக்கு இந்தப் பக்கம் +1, அந்தப் பக்கம் −1. அங்கே மேடும் பள்ளமும் கழிந்துபோக வழியில்லை. n எவ்வளவு பெரிதானாலும் அங்கே ஒரு மேட்டுக்கான பரப்பு, 1/n அளவுக்கு, மிஞ்சியே தீரும்.

முக்கோண அலைக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டாம். சதுர அலையைத் தொகையிட்டால் முக்கோண அலை வந்துவிடும். மதிப்பு +1 ஆக இருக்கும் வரை தொகை நேர்கோட்டில் ஏறும், −1 ஆனதும் நேர்கோட்டில் இறங்கும். sin nx-ஐத் தொகையிட்டால் −(cos nx)/n. அதாவது தொகையிடும்போது ஒவ்வொரு பட்டையும் அதன் எண்ணால் வகுபடுகிறது. 1/n ஏற்கெனவே இருந்தது, இன்னொரு 1/n சேர்கிறது. உச்சி 1-க்கு வரும்படி அளவைச் சரிசெய்தால்:

முக்கோண அலை: |b_n| = 8/(π²n²), n = 1, 3, 5, …

முதல் பட்டையை 100 என்று வைத்தால் சதுர அலைக்கு 100, 33, 20, 14. முக்கோணத்துக்கு 100, 11, 4, 2. இதைத் திருப்பிப் போட்டாலும் சரி. வகையிட்டால் பட்டைகள் n-ஆல் பெருகும், அலை ஒரு படி கரடுமுரடாகும். தொகையிட்டால் n-ஆல் வகுபடும், அலை ஒரு படி வழவழப்பாகும். முழு விஷயமும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

இப்போது ஃபேனுக்கு வருவோம். ஃபேனுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். சுருளின் குணம், அதற்கு வரும் வோல்டேஜைத் தொகையிட்டுக் கரன்ட்டாகத் தருவது. சூத்திரத்தில் v = L di/dt. வோல்டேஜ் சதுரமாக வந்தால் கரன்ட் முக்கோணமாகப் போகும். நாம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் செய்யும் தொகையிடலை ஃபேன் நொடிக்கு 50 முறை செய்துகொண்டிருக்கிறது. ஆக முதல் படம் வோல்டேஜ், இரண்டாவது கரன்ட். கேள்வியின் முதல் பாதி முடிந்தது.

"சார், முக்கோணத்துக்கு மூணாவது பட்டை 11-ன்னு சொன்னீங்க. படத்துல 15 இருக்கே?" என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஃபேன் வெறும் சுருள் இல்லை. அது சுற்றும் மோட்டார், வேலை செய்கிறது, கம்பிக்குத் தடையும் உண்டு. 50 ஹெர்ட்ஸில் அது நடந்துகொள்வதும் 150, 250-ல் நடந்துகொள்வதும் வேறு. அதனால் முதல் பட்டைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். ஆனால் மூன்று, ஐந்து, ஏழு என்று மேலே போகப் போகச் சுருளின் குணம் ஓங்குகிறது. அப்போது சரியும் வேகம் 1/n² ஆகத்தான் நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது ஒரு பட்டையின் உயரத்தை அல்ல, வால் எப்படி இறங்குகிறது என்பதை. வழவழப்பைச் சொல்வது வால்தான்.

கேள்வியின் இரண்டாவது பாதியில்தான் பணமும் ஆபத்தும் இருக்கிறது. கெப்பாசிட்டர் சுருளுக்கு நேர் எதிர். அது வோல்டேஜை வகையிட்டுக் கரன்ட்டாக எடுக்கும்: i = C dv/dt. வகையிட்டால் பட்டைகள் n-ஆல் பெருகும் என்று பார்த்தோம். சதுர அலையின் 1/n-ஐ n-ஆல் பெருக்கினால் என்ன வரும்? 100, 100, 100, 100. இறக்கமே கிடையாது. முதல் பட்டையும் 49-ஆவது பட்டையும் ஒரே உயரம். படியை வகையிட்டால் கிடைப்பது ஊசி. ஊசியின் கெழுக்கள் சரிவதே இல்லை.

எண்ணில் பார்த்தால் நன்றாக உறைக்கும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இன்வெர்ட்டர் அவுட்புட்டில் நேராகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஈபி கரன்ட்டின் சைன் அலையில், 230 வோல்ட்டில், அது எடுப்பது 0.72 ஆம்பியர். இன்வெர்ட்டரின் சதுர அலை −230-லிருந்து +230-க்கு 100 மைக்ரோ விநாடியில் தாவுகிறது என்று வைப்போம். 460 வோல்ட்டை 0.0001 விநாடியால் வகுத்து, 10 மைக்ரோஃபாரட்டால் பெருக்கினால் 46 ஆம்பியர். ஒவ்வொரு தாவலிலும் அப்படி ஓர் ஊசி, 20 மில்லி விநாடிக்குள் இரண்டு ஊசிகள். சூடேற்றும் அளவில் சராசரி பார்த்தாலும் 4.6 ஆம்பியர், ஈபி கரன்ட்டில் எடுப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல். இன்வெர்ட்டரால் அந்த 46 ஆம்பியரை முழுசாகத் தள்ள முடியாமல் போகலாம். ஆனால் தள்ளப் பார்க்கும். கெப்பாசிட்டர் உப்பும், இல்லாவிட்டால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் போகும். ஃபேனுக்குள்ளேயே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சுருளோடு தொடராக இருக்கிறது, ஊசியைச் சுருள் தடுத்துவிடும். வெளியில் நேராகப் போட்டால் தடுக்க ஆளில்லை.

"அப்ப போட வேண்டாமுங்க" என்றார் மாணவர். வேண்டாம் என்றேன். முனகல் நிற்க வேண்டுமானால் 150, 250, 350 ஹெர்ட்ஸ் பட்டைகள் குறைய வேண்டும். அதற்கு வழி சைன் வேவ் இன்வெர்ட்டர். பழையதில் எல்ஈடி லைட்டை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

இதே விஷயம் அவர் மெஷின் ஹாலிலும் இருக்கிறது. நிட்டிங் மெஷின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் லைனிலிருந்து கரன்ட்டைச் சீராக இழுப்பதில்லை, துண்டு துண்டாக இழுக்கின்றன. மூன்று ஃபேஸ் டிரைவில், கரன்ட் சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நிற்கும் படி வடிவத்துக்கு, மூன்றாவது பட்டை அடிபட்டுப்போய் 5, 7, 11, 13 மிஞ்சும். கணக்குப்படி அவற்றின் உயரம் முதல் பட்டையில் 1/5, 1/7, 1/11, 1/13. மறுபடியும் படி, மறுபடியும் 1/n. டிரைவுக்கு முன்னால் லைன் சோக் போட்டால் கரன்ட் சட்டென்று தாவ முடியாது. படி சாய்ந்து சரிவாகும், மேலே இருக்கும் பட்டைகள் வேகமாக விழும். பவர் ஃபேக்டர் பேனலில் கெப்பாசிட்டர்கள் அடிக்கடி உப்புகிறதென்றால், மாற்றுவதற்கு முன் இந்தப் பட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி என் கணித மாணவர்களுக்குக் கொஞ்சம். சரிவு வேகத்தை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கும் அலையில் ஒரு படி இருந்தால் பட்டைகள் 1/n-ஐ விட வேகமாக விழவே முடியாது. இது நிச்சயம். பட்டைகள் 1/n² வேகத்தில் விழுந்தால் அலையில் படியே இல்லை. இதுவும் நிச்சயம். காரணம் எளிது. 1 + 1/9 + 1/25 + … என்ற கூட்டல் முடிவுள்ளது, π²/8. குறிப்பிட்ட இடத்துக்கு அப்பால் உள்ள எல்லாப் பட்டைகளும் சேர்ந்தாலும் கடுகளவுதான் வரும், அதை வைத்து ஒரு படியைக் கட்ட முடியாது. ஆனால் 1/n வேகத்தில் விழுகிறது என்பதால் மட்டும் கட்டாயம் படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. 1 + 1/3 + 1/5 + … எல்லையில்லாமல் வளரும். அதனால் படி கட்டப் போதிய சரக்கு இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். அந்தச் சரக்கை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது குறிகளையும் கட்டங்களையும் பொறுத்தது. அதே 1/n உயரங்களை சைனுக்குப் பதில் கோசைனில் ஏற்றினால், படிக்குப் பதிலாக முடிவிலிக்கு ஏறும் கூர்முனை வரும். குறிகளைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டால் தொடர்ச்சியான அலையே கூட வரலாம். பட்டைகளின் உயரம் அலை எவ்வளவு கரடுமுரடு என்று சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது.

சேர்த்துக் கட்டும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். முதல் ஐந்து பட்டைகளை வைத்து முக்கோணத்தைக் கட்டினால் உச்சி 1-க்குப் பதில் 0.96 வருகிறது. ஐம்பது பட்டை வைத்தால் குறை 0.004 ஆகிவிடும். சதுர அலையை ஐந்து பட்டையில் கட்டினால் படியின் ஓரத்தில் 1.18 வரை துள்ளும். ஐம்பது வைத்தாலும் துள்ளல் அதே 1.18 தான். படிக்கு இன்னும் நெருங்கிப் போய் நின்றுகொள்ளும், உயரம் குறையாது. வகுப்பில் கிப்ஸ் விளைவு என்று படித்தது இதுதான்.

கடைசியாக ஒன்று. உண்மையான இன்வெர்ட்டரில் கணிதப்படி படியே கிடையாது. 100 மைக்ரோ விநாடியில் ஏறும் செங்குத்தான சரிவு அது. அப்படியானால் பட்டைகள் 1/n² ஆக அல்லவா விழ வேண்டும்? விழும், ஆனால் மேலே போய். கணக்குப் போட்டால், 20 மில்லி விநாடி அலையில் இந்தச் சரிவு ஏறக்குறைய 60-ஆவது பட்டை வரை படி போலவே நடந்துகொள்கிறது. அதற்கு அப்புறம்தான் 1/n² வேகம் பிடிக்கிறது. பெரும்பாலான கருவிகள் 50-ஆவதோடு நிறுத்திக்கொள்ளும். அங்கே பட்டை 1/n கணக்கை விடப் பத்து சதவீதம்தான் குறைந்திருக்கும். கருவிக்கும் ஃபேனுக்கும் அது படிதான். வழவழப்பு என்பது எவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம். முக்கோண அலையை இன்னொரு முறை தொகையிடுங்கள். முகடு மறைந்து பரவளைய வளைவு வரும். மூன்றாவது பட்டை முதல் பட்டையில் எத்தனை சதவீதம்? அந்த அலையில் தாவுவது எது, மதிப்பா, சரிவா, சரிவின் சரிவா? வெறும் கண்ணால் பார்த்து அதை சைனிலிருந்து பிரித்துச் சொல்ல முடியுமா? வரைந்து பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். விடையை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.

உறவுகளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது. வீட்டில் முனகுகிற ஃபேன் இருந்தால், ஈபி கரன்ட்டிலும் முனகுகிறதா, இன்வெர்ட்டரில் மட்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டிலும் முனகினால் அது என் பாடம் இல்லை, பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.